கறுப்புப் பத்தியா, மசாலா பத்தியா, கப் சாம்பிராணியா? வீட்டு பூஜைக்கு எதை வாங்குவது

மளிகைக் கடையில் ஊதுபத்தி அடுக்கின் முன்னால் நின்று பாருங்கள். இளம் ஊதா, வெளிர் பச்சை, சந்தன நிறம். ஒரு தாமரை, ஒரு கட்டு பத்தி, அதிலிருந்து நெளிந்து மேலே போகும் புகை. முப்பது ரூபாய் பெட்டிக்கும் முந்நூறு ரூபாய் பெட்டிக்கும் ஏறக்குறைய ஒரே முகம்தான். அதனால்தான் "எதை வாங்கறது?" என்ற கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. கடைசியாகக் கேட்டவர் அடுக்குமாடியில் இருக்கிறார். இரண்டு படுக்கையறை, சமையலறையை ஒட்டிச் சின்னதாக ஒரு பூஜை அலமாரி. கொசுவுக்குப் பயந்து சாயங்காலம் ஆனால் ஜன்னல் எல்லாம் அடைத்துவிடுவார்கள். மாமியாருக்கு வீசிங் உண்டு, ஆனால் ஊதுபத்தி இல்லாமல் விளக்கேற்றினால் அவருக்கே மனசு ஒப்பாது.

நம் கடைகளில் கிடைப்பதைப் பெயர்களை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் மூன்று வகைதான்: செண்ட் ஊறவைத்த கறுப்புப் பத்தி, மசாலா பத்தி, அப்புறம் குச்சியே இல்லாத சாம்பிராணி வகைகள் (கம்ப்யூட்டர் சாம்பிராணி, கப் சாம்பிராணி). மூன்றையும் ஒரே அளவுகோலில் வைத்துப் பார்க்கலாம்.

## எதை வைத்து அளப்பது

முதல் விஷயம், ஒரு தடவை ஏற்றினால் எத்தனை கிராம் எரிகிறது என்பது. இதை யாரும் பார்ப்பதில்லை, ஆனால் புகையின் அளவைப் பெரும்பாலும் தீர்மானிப்பது இதுதான். 2008-ல் தைவான், அமெரிக்க ஆய்வாளர்கள் சேர்ந்து வெளியிட்ட ஒரு தொகுப்புக் கட்டுரையில், ஒரு கிராம் ஊதுபத்தி எரிந்தால் சராசரியாக 45 மில்லிகிராமுக்கு மேல் நுண்துகள் வெளிவருகிறது, சிகரெட்டில் அது ஒரு கிராமுக்குச் சுமார் 10 மில்லிகிராம் என்று கணக்குச் சொல்கிறார்கள். பத்திக்குப் பத்தி இது மாறும், சராசரிதான். இருந்தாலும் "இயற்கையானது, புகை ஒன்றும் செய்யாது" என்று பெட்டியில் போட்டிருப்பதை நம்புவதைவிட எரியும் எடையைக் குறைப்பது நிச்சயமான வழி. கணக்கும் சுலபம். பெட்டியின் பின்னால் நிகர எடை இருக்கும், அதை எண்ணிக்கையால் வகுத்தால் போதும். எண்ணிக்கை போடவில்லை என்றால் ஒரு முறை எண்ணிக்கொள்ளுங்கள். குச்சிப் பத்தியில் இந்த எடையில் மூங்கிலும் சேர்த்திதான், அடியில் எரியாமல் மிஞ்சும் ஒன்றரை அங்குலம் உட்பட.

இரண்டாவது, ஒரு தடவை ஏற்ற ஆகும் செலவு. பெட்டி விலையைப் பார்த்து ஏமாறாதவர்கள் குறைவு, ஏனென்றால் பெட்டியின் அளவு வேறு, உள்ளே இருப்பது வேறு. அகலமான அட்டைப் பெட்டிக்குள் மடித்த அட்டை ஒன்றைச் செருகி, நடுவில் ஒல்லியாக ஒரு கவர் வைத்திருப்பார்கள்.

மூன்றாவது, ஏற்றிய பிறகு வரும் வாசனை. ஏற்றுவதற்கு முன்னால் பெட்டியை முகர்ந்து பார்த்து வாங்குகிறோமே, அது கிட்டத்தட்ட வேறொரு பொருளின் வாசனை.

நான்காவது, வீட்டுக்கு ஆகும் சேதாரம்: சுவரில் கறை, சாமி படத்துக் கண்ணாடியில் பிசுக்கு, மழைக்காலத்தில் நமத்துப்போவது.

## கறுப்புப் பத்தி

கடையில் அதிகம் இருப்பது இதுதான். கரித்தூள், கொஞ்சம் மரத்தூள், ஒட்டுவதற்கு ஜிகட் என்ற மரப்பட்டைப் பொடி. இந்த மூன்றையும் தண்ணீர் விட்டுப் பிசைந்து இயந்திரத்தில் மூங்கில் குச்சியைச் சுற்றி ஏற்றிக் காயவைக்கிறார்கள். அந்த நிலையில் அதற்கு வாசனையே கிடையாது, வெறும் கரிக்குச்சி. அப்புறம் கட்டுக் கட்டாக எடுத்து செண்ட் கலவையில் நனைத்து, வடியவிட்டு, நிழலில் உலர்த்திக் கவரில் அடைக்கிறார்கள். மல்லிகை, சந்தனம், ரோஜா என்று மூன்று பெட்டிகள் வாங்கினாலும் உள்ளே இருக்கும் குச்சி ஒன்றேதான், நனைத்த தொட்டிதான் வேறு.

அந்தத் தொட்டியில் இருப்பது முழுக்க வாசனை எண்ணெய் அல்ல. அதோடு டை எதில் தாலேட் என்ற, தொழிலில் டி.இ.பி. என்று சொல்கிற, மணமில்லாத எண்ணெய் போன்ற கரைப்பான் கலந்திருக்கும், பல இடங்களில் வாசனையைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகமாகவே. செண்ட் சட்டென்று பறந்துவிடாமல் பிடித்துவைக்க அது வேண்டும். அதோடு செண்டைவிட அது மலிவு. எரியும்போது அதுவும் புகையோடு புகையாக வரும். மலிவான பத்தியை ஏற்றியதும் தொண்டையில் ஒரு காரல் வந்து, வாசனை அதற்குப் பின்னால் மெதுவாக வருகிறதா? அந்தக் காரலில் மட்டமான கரிக்கும் பங்கு உண்டு, அளவுக்கு மீறிச் சேர்த்த கரைப்பானுக்கும் பங்கு உண்டு.

கையில் எடுத்தால் அடையாளம் தெரியும். ஒரே சீரான கறுப்பு, வழவழப்பு, விறைப்பு. உருட்டிப் பார்த்தால் விரலில் லேசான எண்ணெய்ப் பசை ஒட்டும். அந்தப் பசை அதிகமாக இருந்தால், கலவையில் ஊறவிட்டுச் சரியாக உலர்த்தாமல் அடைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அப்படிப்பட்ட பத்தி பாதியில் அணைந்துபோகும். பெட்டியின் அட்டையில் எண்ணெய்க்கறை தெரிந்தாலும் அதே கதைதான்.

இன்னொன்று. கடையில் மூடிய பெட்டியிலிருந்தே வாசனை தூக்கலாக வந்தால் "அடடா, எவ்வளவு வாசனை" என்று எடுத்துவிடுகிறோம். யோசித்துப் பார்த்தால் அது நல்ல அறிகுறி இல்லை. உள்கவர் சரியாக மூடவில்லை, அல்லது சாதாரண பிளாஸ்டிக் உறை, நீங்கள் காசு கொடுக்கும் செண்ட் கடைக்காரரின் அலமாரிக்குப் போய்க்கொண்டிருக்கிறது. பல அடுக்கு பளபளப்பு உறையில் நன்றாக ஒட்டி வந்த பெட்டி வெளியே அவ்வளவாக மணக்காது. பின்பக்கத்தில் தயாரித்த மாதத்தைப் பார்த்துப் புதிதாக இருப்பதை எடுங்கள்.

இதன் பலம், விலை. அடுத்தது, எல்லாக் குச்சியும் ஒரே மாதிரி எரியும், மழைக்காலத்தில் மற்றவை அளவுக்கு நமத்துப்போகாது. திறந்தவெளிக்கு இதுவே பொருத்தம்: வாசல், மாடித் துளசி மாடம், கடையின் கல்லா மேஜை. காற்று அடிக்கிற இடத்தில் மசாலா பத்தியின் மென்மையான வாசனை இரண்டடி தாண்டாது, காசுக்குக் கேடு.

## மசாலா பத்தி

இதில் வாசனை மாவிலேயே இருக்கிறது. சந்தனத்தூள், வெட்டிவேர், கிச்சிலிக்கிழங்கு, சாம்பிராணி, பச்சிலை என்று தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் கலவை மாறும். நல்ல பத்தியில் மட்டிப்பால் சேரும், பெருமரத்தின் பட்டையைக் கீறினால் வடியும் பிசின் அது. கன்னடத்தில் ஹால்மட்டி என்பார்கள். மைசூர், பெங்களூர் பக்கத்துப் பத்திகளுக்குப் பேர் வாங்கிக் கொடுத்ததில் அதற்குப் பெரிய பங்கு உண்டு (மைசூர் ஊதுபத்திக்குப் புவிசார் குறியீடும் இருக்கிறது). மரத்தை அளவுக்கு மீறிக் கீறிப் பால் எடுத்ததில் வரத்து குறைந்து விலை ஏறிவிட்டது. அதனால் இன்றைக்கு "மட்டிப்பால் பத்தி" என்று எழுதியிருப்பதில் எல்லாம் பெயருக்கேற்ற அளவு பால் இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

நல்ல மசாலா பத்தியைப் பெட்டியிலிருந்து எடுத்தால், மேலே பழுப்புப் பொடி தூவினாற்போல் சொரசொரப்பாக இருக்கும். குச்சிக்குக் குச்சி தடிமன் கொஞ்சம் மாறும். இரண்டு விரலால் மெதுவாக அழுத்தினால் லேசாக அமுங்கும், மட்டிப்பால் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துவைத்துக்கொள்வதால் வரும் மென்மை அது. ஏற்றாமல் முகர்ந்தால் மட்டாகத்தான் மணக்கும், ஏற்றிய பிறகுதான் வேலையைக் காட்டும். அணைந்து அரை மணி கழித்து அறைக்குள் வருகிறவர் "என்ன பத்தி இது?" என்று கேட்பது பெரும்பாலும் இந்த வகையைப் பற்றித்தான்.

போலியும் உண்டு. கறுப்புப் பத்தியையே செண்டில் நனைத்து, மேலே பழுப்புப் பொடியில் புரட்டி, மசாலா விலைக்கு விற்பது. ஒரு குச்சியின் மேல் முனையை ஒடித்து வெட்டுவாயைப் பாருங்கள். உள்ளே கரிக்கறுப்பு, வெளியே நகக்கண் அளவுக்குக்கூட இல்லாத பழுப்புப் படலம் என்றால் சந்தேகப்பட வேண்டியதுதான். ஆனால் இதை மட்டும் வைத்து முடிவு கட்ட வேண்டாம், உண்மையான மசாலா பத்தியிலும் சீராக எரியக் கொஞ்சம் கரி சேர்ப்பது வழக்கம். ஒடித்த முனை கறுப்பு, அதோடு ஏற்றாமலே செண்ட் குப்பென்று அடிக்கிறது என்று இரண்டும் சேர்ந்தால் திரும்ப வைத்துவிடுங்கள். சாம்பல் வெள்ளையாக விழுந்தால் சுத்தமான பத்தி என்று ஒரு பேச்சு இருக்கிறதே, அதை நம்பி வாங்காதீர்கள். சாம்பலின் நிறம் எந்தக் கரி, எந்த மரத்தூள் என்பதைப் பொறுத்தது.

மறைமுகச் செலவு மழைக்காலத்தில் வரும். ஐப்பசி, கார்த்திகையில் பெட்டியைத் திறந்து வைத்திருந்தால் குச்சி தொய்ந்து வளையும், ஏற்றினால் நுனி கருகிக் கருகி அணையும், சில சமயம் வெள்ளைப் புள்ளியாகப் பூசணம் பிடிக்கும். பூசணம் பிடித்ததைக் கொளுத்த வேண்டாம், தூக்கிப் போடுங்கள். நமத்தது மட்டும் என்றால் காற்றுப் புகாத டப்பாவில் ஒரு சின்னத் துணி முடிச்சில் அரிசியோடு போட்டு இரண்டு நாள் வைத்தால் பெரும்பாலும் தேறிவிடும். வெயிலில் மட்டும் காயப்போடாதீர்கள், ஈரத்தோடு வாசனையும் போய்விடும்.

## கம்ப்யூட்டர் சாம்பிராணி, கப் சாம்பிராணி

குச்சி இல்லாமல் மாவை அப்படியே அழுத்தி எடுத்த சின்ன உருளை அல்லது கூம்புதான் கம்ப்யூட்டர் சாம்பிராணி. இந்தப் பெயரை யார் வைத்தார்களோ தெரியாது, கடையில் வேறு எந்தப் பெயரைச் சொன்னாலும் கடைக்காரருக்குப் புரியாது. மூங்கில் பாடைக்கு உரியது, அதை வீட்டில் எரிக்கக் கூடாது என்று நினைக்கிற குடும்பங்கள் இதைத்தான் தேடி வாங்குகின்றன. ஆனால் குச்சி இல்லை என்பதற்காகச் செண்டும் கரைப்பானும் இல்லை என்று அர்த்தமாகாது. கறுப்பாகப் பிசுபிசுவென்று கையில் ஒட்டும் வகையில் இரண்டும் தாராளமாகவே இருக்கும்.

கப் சாம்பிராணி வேறு. கரித்தூளிலோ சாணத்திலோ வார்த்த கிண்ணத்துக்குள் சாம்பிராணிப் பொடி. விளிம்பைத் தீயில் காட்டிப் பிடித்தால் கிண்ணமே தணலாகும், அந்தச் சூட்டில் உள்ளே இருக்கும் பொடி புகையும். தணல் கரண்டியில் கரி பற்றவைத்துத் தூள் தூவிய காலத்து வேலையை இது மிச்சமாக்குகிறது. விளிம்பு நாலாபுறமும் சிவப்பாகும் வரை பொறுமையாகப் பிடிக்காவிட்டால் பாதியில் அணையும். அணைந்த கப்பைத் திரும்பப் பற்றவைப்பது எரிச்சலான வேலை.

எடைக் கணக்கில் பார்த்தால் இது தனி ஜாதி. 12 கப் உள்ள 100 கிராம் பெட்டி என்றால் ஒரு கப் எட்டு கிராமுக்கு மேல். ஏழு ஊதுபத்தியை ஒன்றாக ஏற்றியதற்குச் சமம். ஏ.சி. அறையிலோ ஜன்னல் அடைத்த ஹாலிலோ தினமும் இதைச் செய்வது சரியில்லை. தலைக்குக் குளித்த கைக்குழந்தைக்குச் சாம்பிராணிப் புகை காட்டுவதைக் குழந்தை மருத்துவர்கள் வேண்டாம் என்றுதான் சொல்கிறார்கள்.

அடுத்த செலவு, அடிச்சூடு. கூடவே வரும் மெல்லிய தகரத் தட்டை நம்பி பிளைவுட் அலமாரியில் வைத்தால் மைக்கா கருகும், உப்பும். ஒரு பழைய வெண்கலத் தட்டிலோ அகல் விளக்கிலோ மணல் பரப்பி அதன்மேல் வையுங்கள். புகை நேராக மேலே போய்ப் படியும் என்பதால் தலைக்கு மேலே இரண்டடியில் அலமாரித் தட்டு இருக்கும் இடம் வேண்டாம். சில மாதங்களில் அங்கே பழுப்பு வட்டம் விழும், வெறும் ஈரத்துணியால் அது போகாது.

இது பொருந்துவது வெள்ளிக்கிழமை, அமாவாசை, வீட்டை அலம்பிவிட்ட நாள், விருந்து சமைத்த மறுநாள். வாசல் கதவையும் பின்கதவையும் திறந்து, தட்டைக் கையில் எடுத்து அறை அறையாகக் காட்டிவிட்டு, பிறகு வெளியே கொண்டுபோய் வைத்துவிட வேண்டும்.

## பக்கத்தில் பக்கமாக

கீழே உள்ள விலைகள் கணக்குக்காக எடுத்துக்கொண்டவை. உங்கள் ஊர்ப் பெட்டியின் விலையைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

| | கறுப்புப் பத்தி | மசாலா பத்தி | கப் சாம்பிராணி |
|---|---|---|---|
| பெட்டி | 100 கிராம், 85 குச்சி, ரூ.60 | 15 கிராம், 12 குச்சி, ரூ.25 | 100 கிராம், 12 கப், ரூ.60 |
| ஒன்றின் எடை | சுமார் 1.2 கிராம் | சுமார் 1.25 கிராம் | 8 கிராமுக்கு மேல் |
| ஒன்றின் விலை | 70 பைசா | ரூ.2.10 | ரூ.5 |
| வாசனை | உடனே தூக்கும், சீக்கிரம் மறையும் | மெதுவாக வரும், தங்கும் | வீடு முழுக்கச் சாம்பிராணி |
| கெடுவது எப்படி | திறந்து வைத்தால் செண்ட் பறக்கும் | மழையில் நமக்கும் | ஈரம் பட்டால் பற்றாது |
| ஏற்ற இடம் | வாசல், மாடி, கடை | பூஜை அறை, ஹால் | கதவு திறந்த வீடு |

ஒரு குச்சிக்கு மசாலா மூன்று மடங்கு விலை என்று அட்டவணை சொல்கிறது. ஆனால் பூஜை அலமாரி அளவுக்கு மசாலா பத்தியில் பாதிக் குச்சியே போதும். ஒடிக்க வேண்டாம், மாவு உதிரும். கத்தரிக்கோலால் நடுவில் வெட்டுங்கள். அடியில் காம்புள்ள பாதி வழக்கம்போல் பத்தி ஸ்டாண்டில் நிற்கும், மேல் பாதியை விபூதிக் கிண்ணத்திலோ மணலிலோ ஒரு அங்குலம் செருகலாம். கறுப்புப் பத்தியையும் வெட்டலாம்தான். அதன் வாசனை எரிகிற வரைதான் என்பதால் பாதியில் முடிந்தது தெரிந்துவிடும்.

## மாமியாருக்கு வீசிங் உள்ள அந்த வீடு

அவர்கள் இப்போது காலையும் மாலையும் ஒவ்வொரு கறுப்புப் பத்தி ஏற்றுகிறார்கள். மாதம் 60 குச்சி, 42 ரூபாய், 70 கிராம். அதில் பாதி, ஜன்னல் அடைத்த சாயங்கால நேரத்தில் எரிகிறது. வாசனை பற்றவில்லை என்று வெள்ளிக்கிழமை ஒரு கப் வேறு.

அதையே இரண்டு வேளையும் பாதி மசாலா பத்தி என்று மாற்றினால் மாதம் 30 குச்சி, 63 ரூபாய், 37 கிராம். செலவு இருபது ரூபாய் கூடுகிறது, எரிவது பாதியாகிறது. சாதாரணமாக இரண்டு படுக்கையறை வீட்டுக்கு நான் சொல்வது இதுதான்.

இந்த வீட்டுக்கு அது போதாது. வீசிங் உள்ளவர் பக்கத்து அறையில் இருக்கும்போது, பாதிக் குச்சியானாலும் அடைத்த வீட்டுக்குள் ஏற்ற வேண்டாம். சாயங்காலம் விளக்கு மட்டும், வேண்டுமானால் சூடம்கூட இல்லாமல் ஒரு கைப்பிடி மல்லிகை. காலையில் ஜன்னலைத் திறந்து, சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டுவிட்டுப் பாதி மசாலா பத்தி, அது எரிந்து முடியும் வரை மாமியார் பால்கனியில் காபி குடிக்கட்டும். மாதம் 15 குச்சி, 32 ரூபாய்க்குள், 19 கிராம். இப்போதைய செலவைவிடக் குறைவு. கப் சாம்பிராணி அவர் ஊருக்குப் போகிற நாட்களுக்கு. இதற்குப் பிறகும் காலையில் இருமல் வந்தால் பத்தியை மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள், வாசலுக்கு வெளியே ஏற்றுங்கள், அவருடைய மருத்துவரிடமும் சொல்லுங்கள்.

கொசுவுக்கும் ஆச்சு சாமிக்கும் ஆச்சு என்று "கொசு விரட்டும் ஊதுபத்தி" வாங்கலாமா என்றும் அந்த வீட்டுக்காரர் கேட்டிருந்தார். கூடாது. 2025 டிசம்பரில் இந்தியத் தர நிர்ணய அமைப்பு ஊதுபத்திக்கென்று ஐ.எஸ். 19412 என்ற தரநிலையைக் கொண்டுவந்தது. அலெத்ரின், பெர்மெத்ரின், சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின், ஃபிப்ரோனில் முதலான பூச்சிக்கொல்லிகள் ஊதுபத்தியில் இருக்கக் கூடாது என்கிறது அது. தரநிலைப்படி செய்த பெட்டியில் அமைப்பின் முத்திரை போட்டுக்கொள்ளலாம், கடையில் அந்த முத்திரையோடு கிடைத்தால் அதையே எடுங்கள். கொசுவுக்கு ஜன்னல் வலை அடிப்பதுதான் அந்த வீட்டுக்கு இரட்டை லாபம், சாயங்காலம் ஜன்னலைத் திறந்தே வைக்கலாமே.

வாங்கியதை வைக்கும் இடம் பற்றி ஒன்று. பெரும்பாலான வீடுகளில் பெட்டி விளக்குக்குப் பக்கத்திலேயே, அதே தட்டில் கிடக்கும். விளக்குச் சூட்டில் செண்ட் போய்விடும், அட்டைப் பெட்டி தீப்பற்றவும் வாய்ப்பு உண்டு. உள்கவரோடு எடுத்து நீளமான மூடி போட்ட டப்பாவில், அந்த வாரத்துக்கு வேண்டியதை மட்டும் வெளியே வைத்துக்கொண்டு, மீதியை அடுப்பிலிருந்து தள்ளி வேறு அலமாரியில் வையுங்கள். மசாலாவையும் கறுப்புப் பத்தியையும் ஒரே டப்பாவில் போட வேண்டாம், ஒரு வாரத்தில் சந்தனமும் ரோஜா செண்ட் அடிக்கும்.